கெடு எந்த ஊர் நேரத்தில்? கேள்வி பதில்

பல நாடுகளில் பரவிய குழுக்களுக்கு ஆவணங்களையும் வெளியீட்டு அட்டவணைகளையும் ஒழுங்குபடுத்துவது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், எங்கள் டீம் சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று நான்கு ஊரில் இருக்கிறது. தலைமை அலுவலகம் லண்டன். அதனால் "வெள்ளி மாலை 5, லண்டன் நேரம்" என்றே எல்லா டாக்குமென்ட்டிலும் போடுகிறோம். இதில் என்ன தப்பு? (ப்ராஜெக்ட் மேனேஜர், சென்னை)

கோடைக்கால நேரத்துக்காக லண்டன் கடிகாரம் வருடத்துக்கு இரண்டு முறை நகர்கிறது. டொராண்டோ கடிகாரமும் நகர்கிறது, ஆனால் வேறு தேதியில். சிக்கல் அங்கேதான்.

2026 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 6 வெள்ளியன்று உங்கள் கெடு டொராண்டோவில் பகல் 12 மணிக்கு முடியும். மார்ச் 8 அன்று கனடாவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறது. பிரிட்டன் தள்ளுவதோ மார்ச் 29 அன்று. ஆகவே இடையில் வரும் 13, 20, 27 ஆகிய மூன்று வெள்ளிகளிலும் அதே கெடு டொராண்டோவில் 1 மணிக்கு முடியும். ஏப்ரலில் திரும்பவும் 12. சென்னையில் மார்ச் 27 வரை இரவு 10:30, அதன் பிறகு 9:30. சிங்கப்பூரில் சனிக்கிழமை அதிகாலை 1 மணியாக இருந்தது, ஏப்ரலில் சரியாக நள்ளிரவு 12 ஆகிவிடும். அங்கே ஒருவர் "வெள்ளி நள்ளிரவு" என்று குறித்துக்கொண்டால் அது வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று அடுத்தவர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

இத்தனைக்கும் ஆவணத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதனால்தான் நகராத நேரத்தை அடிப்படையாக வையுங்கள் என்கிறேன். உலகப் பொது நேரமான யூடிசி நகராது, இந்திய நேரம் நகராது, சிங்கப்பூர் நேரமும் நகராது. உங்களுக்கு நகரும் ஊர்கள் இரண்டு இருப்பதால் யூடிசியைப் பரிந்துரைக்கிறேன். தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை இதற்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

நாங்கள் ஏற்கெனவே ஜிஎம்டிதான் வைத்திருக்கிறோம். லண்டன் நேரம், ஜிஎம்டி, யூடிசி மூன்றும் ஒன்றுதானே? (டெஸ்டிங் லீட், கோவை)

பாதி சரி. அலுவலக வேலைக்கு ஜிஎம்டியும் யூடிசியும் ஒன்றுதான். ஆனால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் ஜிஎம்டியில் இல்லை, ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது.

அவுட்லுக்கில் `(UTC+00:00) Dublin, Edinburgh, Lisbon, London` என்று ஒரு வரி இருக்கும். அதில் UTC என்ற எழுத்தைப் பார்த்ததும் பலர் அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது லண்டனோடு சேர்ந்து நகரும். நகராத வரி `(UTC) Coordinated Universal Time` என்று தனியாக இருக்கிறது.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அந்த மண்டலத்தில் ஜூலை மாதம் ஏதாவது ஒரு நாள் 12:00 மணிக்கு ஒரு பதிவு போட்டு, அதை இந்திய நேரத்தில் திறந்து பாருங்கள். மாலை 5:30 காட்டினால் சரி. 4:30 காட்டினால் நீங்கள் வைத்திருப்பது லண்டன். ஜனவரியில் சோதித்தால் இரண்டும் ஒரே விடைதான் தரும். அதனால்தான் குளிர்காலத்தில் அமைத்த காலண்டர்களில் இந்தத் தவறு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை.

எங்களில் பெரும்பாலோர் பெங்களூரு. இரண்டு பேர் துபாய், ஒருவர் கோலாலம்பூர். எங்களுக்கும் யூடிசி அவசியமா? (குழுத் தலைவர், பெங்களூரு)

அவசியமில்லை. மூன்று ஊரும் நகராதவை, இந்திய நேரமே போதும். `IST` என்று மட்டும் எழுதாதீர்கள், இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்று எழுத்தைப் பயன்படுத்துகின்றன. `2026-03-27 17:30 +05:30` என்று எழுதினால் நாளை அமெரிக்காவிலிருந்து ஒருவர் சேர்ந்தாலும் ஆவணத்தைத் திருத்த வேண்டியிருக்காது.

அக்கா, யூடிசிக்கு மாறியாச்சு. ஆனால் லீட் "வெள்ளி 12:00 UTC" என்று போட்டார். டொராண்டோவில் எனக்கு அது காலை 8 மணி, குளிர்காலத்தில் 7. வெள்ளிக்கிழமையே எனக்கு இல்லாமல் போய்விட்டது. (டிசைனர், டொராண்டோ)

மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். மணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. 12 மணி என்பது நடுவில் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அது சென்னைக்கு மாலை 5:30, உங்களுக்கு வேலை தொடங்கும் முன். நீங்கள் வியாழனே முடித்தாக வேண்டும். சென்னைக்காரருக்கு முழு வெள்ளியும் கிடைக்கிறது.

நான் முதலில் கேட்பது, கெடு முடிந்ததும் அந்த வேலையைக் கையில் எடுப்பவர் யார், எப்போது எடுப்பார் என்பதுதான். அவர் திங்கட்கிழமைதான் பார்ப்பார் என்றால் வெள்ளி பகலில் கதவைச் சாத்துவதால் யாருக்கும் லாபமில்லை. வெள்ளி 23:00 யூடிசி என்று வையுங்கள். உங்களுக்கு அது கோடையில் மாலை 7, குளிர்காலத்தில் 6. சென்னைக்குச் சனி அதிகாலை 4:30, சிங்கப்பூருக்குச் சனி காலை 7. அந்த நேரம் வரை யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தங்கள் ஊர் வெள்ளி முழுதாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆய்வு மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பியவர்கள் `AoE` என்ற குறியைப் பார்த்திருப்பார்கள். யூடிசியிலிருந்து 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தில் அந்தத் தேதி முடியும் வரை அனுப்பலாம் என்று பொருள். இதே யோசனைதான்.

ஆனால் சென்னையில் ஒருவர் திங்கள் காலை 9:30-க்கு அமர்ந்து எல்லாவற்றையும் தொகுக்கப்போகிறார், தொகுக்கும் முன் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றால் கதை வேறு. திங்கள் 9:30 என்பது உங்களுக்கு ஞாயிறு முடியும் நள்ளிரவு, குளிர்காலத்தில் இரவு 11, நீங்கள் பதில் சொல்ல முடியாது. அப்போது வியாழன் 23:00-ஐ கெடுவாக வைத்து, வெள்ளியைச் சந்தேகம் தீர்க்கும் நாளாக விடுவதுதான் நேர்மை. அந்த ஒரு நாளை மேலிடத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் ஊர் நேரத்தை இப்படிப் பார்க்கலாம்:

```
TZ=Asia/Kolkata date -d '2026-03-27 23:00 UTC'
```

28-ம் தேதி 04:30 என்று வரும். `Asia/Kolkata` இருக்கும் இடத்தில் `America/Toronto` போட்டால் உங்கள் நேரம்.

எல்லோரும் யூடிசிப்படி வேலைக்கு வர வேண்டும் என்றால் இரவு ஷிஃப்ட் அதிகமாகாதா? எங்கள் ஊரில் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. (மதுரை)

இல்லைங்க, வேலை நேரம் எதுவும் மாறாது. ஆவணத்தில் எழுதும் நேரத்தை மட்டுமே பேசுகிறோம்.

உங்கள் கேள்வி இன்னொன்றை ஞாபகப்படுத்துகிறது. தினசரிக் கூட்டத்தை யூடிசியில் வைக்கவே கூடாது. மனிதர்களின் நாள் பள்ளி, பஸ், சாப்பாடு என்று ஊர் நேரத்தில் ஓடுகிறது. கூட்டத்தை யூடிசியில் வைத்தால் நகரும் ஊர்க்காரர்களுக்கு வருடம் இரண்டு முறை இடிக்கும். `10:00 Europe/London` என்பதுபோல ஒரு ஊரின் பெயரில் வையுங்கள். அப்போது நகர்வது சென்னைக்காரர்களுக்கு: குளிர்காலத்தில் பிற்பகல் 3:30, கோடையில் 2:30. யார் தலையிலாவது விழத்தான் செய்யும். எந்தத் தேதியில் மாறும் என்று இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்தால் பிரச்சினையே இல்லை. சர்வரில் இருபது வருடமாக அதுதானே செய்கிறோம்? (டெவலப்பர், ஹைதராபாத்)

நடந்து முடிந்தவற்றுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. குழுவே நிர்ணயிக்கும் கெடுவுக்கும் சரி. ஓர் ஊரின் கடிகாரத்தைச் சார்ந்து எதிர்காலத்தில் நடக்கப்போவதற்கு அது போதாது.

மெக்சிகோ 2022 அக்டோபரோடு நாட்டின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே 2023 ஜூலையில் காலை 10 மணிக்கு மெக்சிகோ சிட்டியில் ஒரு பயிற்சி வகுப்பு என்று முடிவு செய்து, பழைய விதிப்படி கணக்கிட்டு 15:00 யூடிசி என்று மட்டும் சேமித்திருந்தால், வகுப்பு நாளில் திரை காலை 9 மணி என்று காட்டும். அரசு மாற்றியது விதியை, உங்கள் தரவுத்தளத்தில் உறைந்து நிற்பது பழைய விடை. ஊர் நேரத்தையும் `America/Mexico_City` என்ற பெயரையும் சேமித்திருந்தால் டைம் ஜோன் கோப்பைப் புதுப்பித்ததுமே சரியாகியிருக்கும்.

இலங்கையும் 2006-ல்தான் மறுபடி +5:30-க்கு வந்தது. இப்படிப்பட்ட மாற்றங்கள் நம் பக்கத்திலும் நடந்தவைதான்.

ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதி. அதையும் யூடிசியில் எழுதச் சொல்கிறார்கள். (கணக்குப் பிரிவு, சென்னை)

எழுதாதீர்கள். சட்டம் வைத்த கெடு அந்தச் சட்டம் நடக்கும் ஊர் நேரத்தில்தான் இருக்க வேண்டும். யாராவது `20-ம் தேதி 23:59 UTC` என்று அட்டவணையில் போட்டுவிட்டால், இந்தியாவில் அது 21-ம் தேதி அதிகாலை 5:29. கெடு முடிந்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருக்கும். சட்டக் கெடுவை இந்திய நேரத்தில் ஒரு வரியாகவும், உங்களுக்குப் பில் அனுப்பும் வெளிநாட்டு அலுவலகங்களுக்கான உள் கெடுவை இரண்டு நாள் முன்னதாக யூடிசியில் இன்னொரு வரியாகவும் வையுங்கள்.

மினிட்ஸில், ஃபைல் பெயரில் எந்தத் தேதி போடுவது? சான் பிரான்சிஸ்கோவில் வியாழன் மாலை 6 மணிக்குக் கூட்டம் முடித்து எழுதுகிறேன், யூடிசியில் அது வெள்ளி. என் வியாழனை வெள்ளி என்று எழுத மனம் வரவில்லை. (எழுத்தர், சான் பிரான்சிஸ்கோ)

இதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. ஃபைல் பெயரில் யூடிசி தேதி போட்டால் வரிசை கலையாது, நான் அப்படித்தான் செய்கிறேன். மினிட்ஸின் உள்ளே முதல் வரியில் கூட்டம் நடந்த ஊரின் தேதியை ஊர்ப் பெயரோடு எழுதுகிறேன். என் சக ஊழியர் ஒருவர் இதை ஏற்பதில்லை. ஒரே ஆவணத்தில் இரண்டு தேதி இருந்தால் ஆறு மாதம் கழித்துத் தேடுபவர் தவறான கோப்பைத்தான் எடுப்பார் என்கிறார். அவர் குழுவில் எல்லாமே ஊர்த் தேதி, கடைசியில் ஊர்க் குறி. இரண்டு முறையும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். கூகுள் ஷீட்டில் கெடு தாண்டிய வரிகள் சிவப்பாகும்படி `TODAY()` வைத்திருந்தால், அது பார்ப்பவரின் தேதியை எடுப்பதில்லை. அந்த ஷீட்டின் `Settings`-ல் உள்ள `Time zone`-ஐத்தான் எடுக்கிறது. அங்கே ஷீட்டை உருவாக்கியவரின் ஊர் இருந்தால், ஒரு வரி எப்போது சிவப்பாகும் என்பதை அந்த ஊரின் நள்ளிரவே முடிவு செய்யும்.