கார்த்திகை விளக்கும் நடையில் இருக்கும் அலாரமும்

"அக்கா, நான் கடலூர் மஞ்சக்குப்பம். பாரிஸ் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆறாவது மாடி, குளிருக்கு ஜன்னல் எல்லாம் மூடியே கிடக்கிறது. விளக்கு ஏற்றினால் நடையில் இருக்கும் புகை அலாரம் கத்துமா? கார்த்திகைக்கு எப்படிச் சமாளிப்பது?"

இங்கே 2015 மார்ச்சில்தான் வீட்டுக்கு வீடு இந்த அலாரம் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த வருடக் கார்த்திகையிலேயே எங்கள் வீட்டில் கத்தியது. ஹாலில் பதினோரு அகல். ஒரு மணி நேரம் எரிந்தது, ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் பதினொன்றையும் வாயால் ஊதி அணைத்தேன். ஒவ்வொரு திரியிலிருந்தும் நூல் போல வெள்ளைப் புகை கிளம்பியது. அது நடைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஊரைக் கூட்டிவிட்டது. முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்த மாமியார் காதைப் பொத்திக்கொண்டு, "விளக்கை யாராவது ஊதுவாங்களா?" என்றார்.

அவர் சொன்னது சாஸ்திரத்துக்காக. ஆனால் அலாரத்துக்கும் அதுதான் சரி. அதன் உள்ளே சின்னதாக ஒரு வெளிச்சம் இருக்கிறது. காற்றில் மிதந்து வரும் துகளில் அந்த வெளிச்சம் பட்டுச் சிதறினால் கத்தும். சுடரோ சூடோ அதற்குத் தெரியாது. ஊதி அணைத்த திரி கனலும்போது எரியாத எண்ணெய் ஆவியாகி, பொடித் துளிகளாக மேலே போகிறது. அலாரத்துக்கு அதை நன்றாகவே தெரியும். ஆகவே மலையேற்றும்போது ஒரு பல்குச்சியால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து முழுக்கிவிடுங்கள். புகையே வராது. ஊரில் பூக்காம்பால் செய்வது இதைத்தான்.

எரியும்போது கரி விடுவது திரியின் குற்றம். பாக்கெட்டில் வரும் திரி பெரும்பாலும் தடிமன். நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, உள்ளங்கையில் மறுபடி திரித்து, எண்ணெயில் நன்றாக ஊறவிட்டுப் போடுங்கள். அகலின் மூக்குக்கு வெளியே ஓர் அரிசி நீளம்தான் தெரிய வேண்டும். அதற்கு மேல் நீண்டால், காற்று எரித்து முடிக்கிற அளவைத் தாண்டி எண்ணெயை உறிஞ்சும். மிச்சம்தான் கரும்புகை. சுடருக்கு ஒரு சாண் மேலே எவர்சில்வர் கரண்டியின் முதுகைக் கொஞ்ச நேரம் காட்டிப் பாருங்கள். கறுத்தால் திரியை உள்ளே இழுங்கள், கரிந்த நுனியைக் கிள்ளி எறியுங்கள். கறுக்காவிட்டால் நிம்மதி.

அடுத்தது இடம். புதுச்சேரி வீட்டில் முற்றம் இருந்தது, புகை தானாக மேலே போயிற்று. இங்கே காற்றுக்கு ஒரு வழி போட்டு வைத்திருக்கிறார்கள். பல அடுக்ககங்களில் ஹால், படுக்கையறை ஜன்னலுக்கு மேலே உள்ள கீற்று வழியாக வெளிக்காற்று நுழையும். சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கும் வட்டத் துளை அதை இழுத்து வெளியே தள்ளும். அப்படியானால் ஹாலில் விளக்கு வைத்தால் என்ன ஆகும்? புகை நடை வழியாக, அலாரத்துக்கு அடியிலேயே ஊர்வலம் போகும். சமையலறையில் வைத்தால் நேராக வெளியே போய்விடும். உங்கள் வீட்டுத் துளை இழுக்கிறதா என்று ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒட்டவில்லையென்றால் தூசி அடைத்திருக்கலாம், துடைத்துப் பாருங்கள். குளிருக்குப் பயந்து கீற்றில் துணி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நானும் முதல் குளிர்காலத்தில் அடைத்தவள்தான்.

விளக்கு எரியும்போது ஹால் ஜன்னலை இரண்டு விரல் திறந்தால் போதும். சமையலறை ஜன்னலைத் திறக்காதீர்கள். எதிர்க்காற்று அடித்தால் புகையை நடைப்பக்கமே தள்ளும், சுடரும் ஆடும். ஆடுகிற சுடர் எவ்வளவு சின்னத் திரியிலும் கரி விடும். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியையும் நம்ப வேண்டாம். பல வீடுகளில் அது வெளியே விடுவதில்லை, வடிகட்டி மறுபடி சமையலறைக்கே அனுப்பும்.

கார்த்திகைக்கு இப்போது நான் செய்வது இதுதான். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். சமையல் மேடையில் திரைச்சீலைக்குத் தள்ளி ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அதில் ஐந்து அகல், ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். ஏற்றிய பிறகு அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரியை முழுக்குவேன்.

அப்படியும் கத்திவிட்டால் வாசற்கதவைத் திறக்காதீர்கள். கை முதலில் அங்கேதான் போகும். புகை பொது நடைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்குச் சொல்லிவிடுவார். ஹால் ஜன்னலை அகலத் திறந்து, அலாரத்துக்கு அடியில் துண்டை வீசுங்கள். சில அலாரங்களில் நடுப் பொத்தானை அமுக்கினால் கொஞ்ச நேரம் வாயை மூடும். பேட்டரியை மட்டும் கழற்ற வேண்டாம், அப்புறம் திருப்பிப் போட மறந்துவிடும்.

கற்பூரத்துக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. எவ்வளவு சின்ன வில்லையானாலும் கரும்புகைதான். அதை ஊருக்குப் போகும்போது கோயிலில் ஏற்றிக்கொள்ளுங்கள்.