விரத நாளின் தலைவலிக்குப் பசி மட்டும் காரணமல்ல

"டாக்டர், எனக்கு வயது 46, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்து, மதியம் 2 மணிக்குத் தளிகை போட்ட பிறகுதான் சாப்பிடுவேன். 11 மணிக்கே தலை வலிக்கிறது. வலி மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது. பிறகு இலையில் உட்கார்ந்தால் அளவு தெரியாமல் சாப்பிட்டுவிடுகிறேன். வேலை நாளில் பசியாறாமல் ஒரு கோப்பியோடு ஓடினாலும் இப்படி வருவதில்லையே, ஏன்?"

வேலை நாளில் உங்களைக் காப்பாற்றுவது அந்தக் கோப்பிதான். தினமும் கோப்பியோ தேநீரோ குடிப்பவரின் மூளை ரத்தக் குழாய்கள், அதிலுள்ள காஃபீனால் சற்றுச் சுருங்கியே பழகியிருக்கும். காஃபீன் நின்றுபோனால் அவை விரிகின்றன. தலை கனக்கிறது, வலிக்கிறது. கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் இது தொடங்கும். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு நீங்கள் குடித்த தே தாரிக்தான் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை 11 மணியோடு 19 மணி நேரம் ஆகிவிடுகிறது. பசியாலும் தலை வலிக்கும்; தண்ணீர் குறைந்தாலும் வலிக்கும். ஆனால் கோப்பி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வலி இறங்கினால், பெரும்பங்கு காஃபீனுடையது என்று கொள்ளலாம்.

அடுத்து அந்த மாத்திரை. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை வயிற்றின் உள்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைப் பலவீனப்படுத்துகின்றன. அதே நேரத்தில் நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள். வடை பொரியும் வாசனையும் பாயசத்தில் விழும் நெய் முந்திரியும் போதும். ஒரு பருக்கை உள்ளே போகாமலே வயிறு அமிலத்தைச் சுரக்கத் தொடங்கிவிடும். அதை உறிஞ்சிக்கொள்ளச் சோறு இல்லை, தடுக்கும் படலமும் தளர்ந்துவிட்டது. எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. விரத நாளில் வலி பொறுக்க முடியாவிட்டால் பாரசிட்டமால் மட்டும் போடுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே போட வேண்டும்.

இனி வரும் சனிக்கிழமைக்கு வருவோம். உங்கள் வீட்டு நியமம் இடம் கொடுத்தால், காலை 6 மணிக்குப் பால் சேர்த்த சிறு கோப்பி ஒன்று குடியுங்கள். பல வீடுகளில் விரதத்தன்று பாலுக்குத் தடை இல்லை. நியமம் அதற்கு ஒப்பவில்லையென்றால், முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே கோப்பியைக் குறையுங்கள்: இரண்டு கோப்பை குடிப்பவர் ஒன்றரை, ஒன்று, அரை என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை இறங்கி வரலாம். அப்படி இறங்கி வந்தால் வெள்ளிக்கிழமையோடு நிறுத்தும்போது தலை அவ்வளவாக முரண்டு பிடிக்காது. தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை தள்ளிப்போடாமல், மணிக்கு ஒரு குவளையாகக் குடியுங்கள். அடுப்பு எரியும் அறையில், பினாங்கு வெயிலில், வியர்வையாகப் போவது கொஞ்சமல்ல.

இலையில் உட்காரும் நேரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த மாலை வீணாவது அங்குதான். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். பசித்தவர் 10 நிமிடத்தில் இரண்டு முறை சோறு வாங்கி முடித்துவிடுகிறார். செய்தி வரும்போது இலை காலி. எண்ணெயும் நெய்யும் வயிற்றைவிட்டு மெல்லத்தான் இறங்கும். உணவுக்குழாயின் அடிவாயையும் தளர்த்தும். நான்கு வடைக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும்.

ஆகவே படைத்தவுடன் முதலில் தீர்த்தமும் ஒரு வாழைப்பழமும், பிறகு ஒரு குவளை நீர்மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் 15 நிமிடம் மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். இது உங்களுக்கு எளிது, எப்படியும் நீங்கள்தான் பரிமாறுவீர்கள். பிறகு உட்கார்ந்து, சோறும் சாம்பாரும் காய்கறியும் முதலில். வடை ஒன்று. பாயசம் கடைசியில், சிறு கிண்ணத்தில். சாப்பிட்ட பின் 3 மணி நேரம் படுக்க வேண்டாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த யோசனைகளை வைத்து விரதம் இருக்கக் கூடாது. மருந்தின் அளவை மாற்ற முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள். விரதத்தின்போது கை நடுங்கி வியர்த்தாலோ, கருவியில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினாலோ உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்து விரதத்தை முடித்துவிட வேண்டும். மலம் கறுப்பாகப் போனாலோ, நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, இதுவரை அறியாத கடுமையான தலைவலி திடீரென்று தாக்கினாலோ மோர் குடித்துக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.