எண்ணெய் மிதக்கும் குழம்பையும் வெள்ளை இட்லியையும் போனில் எடுப்பது எப்படி?

கேள்வி: வீட்டில் சமைப்பதைப் போனில் எடுத்து இன்ஸ்டாவில் போடுகிறேன். குழம்பு கறுப்பாக, மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து வருகிறது. இட்லி அழுக்கு நிறத்தில் தெரிகிறது. ரிங் லைட் வாங்கணுமா? அடியில் என்ன விரிக்கலாம்?

ரிங் லைட் வாங்காதீர்கள். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயில் அந்த வளையம் அப்படியே வட்டமாகத் தெரியும், அதை எடிட்டிங்கில் சுத்தமாக அழிப்பதும் எளிதல்ல.

இப்போது விழும் திட்டும் அதே வகைதான், பெரும்பாலும் தலைக்கு மேல் எரியும் ட்யூப் லைட்டாக இருக்கும். முதலில் அதை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் சேர்ந்து விழுந்தால் இட்லியின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்று ஆகிவிடும். போன் கேமராவால் ஏதாவது ஒரு நிறத்தைத்தான் சரிசெய்ய முடியும், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது இன்னும் கெடும். அதனால் எப்போதும் ஒரே ஒரு வெளிச்சம், அதுவும் பக்கவாட்டிலிருந்து.

வத்தக்குழம்பை எடுத்துக்கொள்வோம். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஒரு ஸ்டூல் போட்டு, ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். நேர் வெயில் உள்ளே விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டிவிட்டால் போதும், நிழலின் ஓரம் மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் கிண்ணத்தின் வலது பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரையோ தெர்மாகோலையோ நிமிர்த்தி வையுங்கள். நிழல் பக்கத்தில் கருந்திட்டாகக் கிடந்த சுண்டைக்காய் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அட்டையைக் கிட்டே தள்ளிப் பாருங்கள், விலக்கிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணெயில் வெள்ளைத் திட்டு இருந்தால், அது ஜன்னலின் பிம்பம். கிண்ணத்தைத் தொடாமல் போனை மட்டும் நாலு விரல் உயர்த்துங்கள், இல்லையென்றால் சற்று ஜன்னல் பக்கமாகவே நகருங்கள். திட்டும் கூடவே நகர்ந்து ஓரத்துக்குப் போகும். முழுவதும் போக வேண்டாம், விளிம்பில் ஒரு கீற்று மினுக்கம் இருந்தால்தான் அது எண்ணெய் பிரிந்த குழம்பு என்று தெரியும்.

கறுப்பாக வருவதற்கு வேறு காரணம் இருக்கிறது. கட்டத்துக்குள் வெள்ளைத் தட்டோ ஜன்னலோ அதிகமாக இருந்தால் போன் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். இட்லிக்கும் நடப்பது இதுதான்: படம் முழுக்க வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. இட்லியின் மேல் விரலால் தொட்டால் பல போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே இழுங்கள். இட்லியின் மேற்புறத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகள் மறைய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் கீழே இறக்கினால் சரியாக இருக்கும். ஐபோனில் அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும், அதன்பின் நீங்கள் போனை அசைத்தாலும் வெளிச்சம் மாறாது.

இன்னொன்று, போனைக் கிட்டே கொண்டுபோகாமல் கொஞ்சம் பின்வாங்கி 2x-இல் எடுங்கள். கிட்டே போனால் கிண்ணத்தின் முன்விளிம்பு பெரிதாகிக் கோணலாகத் தெரியும், போனின் நிழலும் விழும்.

பின்னணிக்கு ஒரே சோதனைதான், பளபளக்கக் கூடாது. சமையல் மேடையின் கறுப்பு கிரானைட் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஜன்னலை அப்படியே காட்டும். டைல்ஸ் கடையில் சாம்பல் நிற மேட் டைல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், குழம்பு சிந்தினாலும் துடைத்துவிடலாம். புளிக்குழம்பு, கறி வறுவல் போன்ற பழுப்பு நிறங்களை மரப்பலகையில் வைத்தால் எது உணவு எது பலகை என்றே தெரியாது. சாம்பல் அல்லது வெளிர் நிறத்தில் வைத்தால் எடுத்துக் காட்டும். மரப்பலகையை இட்லிக்கும் தயிர்சாதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாழை இலை என்றால் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஒவ்வொரு தண்ணீர்த் துளியும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதோடு இலையின் பச்சை, சோற்றின் அடிப்பக்கத்தில் லேசாக ஏறும். சோறு இலையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் பருப்போ கூட்டோ வைத்தால் அது தெரியாது. எவர்சில்வர் தட்டில் எடுக்கும் நாளில் கறுப்பு அல்லது அடர்நீலச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சிவப்பு போட்டிருந்தால் தட்டின் விளிம்பெல்லாம் சிவப்புக் கோடு ஓடும்.

இரவு சமையல் என்றால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு எல்.இ.டி. டேபிள் லேம்ப்பை இடது பக்கம் வைத்து, அதற்கும் தட்டுக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்தால் சமாளிக்கலாம், ஆனால் பேப்பர் பல்பைத் தொடக் கூடாது. ஜன்னல் அளவுக்கு வராது. முடிந்தால் இரவு செய்த குழம்பில் ஒரு கரண்டி எடுத்துவைத்து, காலையில் லேசாகச் சூடு காட்டி மேலே அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு எடுங்கள், வத்தக்குழம்பு மறுநாள்தான் இன்னும் நன்றாக நிறம் பிடித்திருக்கும்.