பால் கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை? (கேள்வி பதில்)

தாம்பரம் பக்கம் 19 வருடமாகப் பால் லைன் வைத்திருக்கிறேன். இப்போது 140 வீடு. தினசரிப் பால், நிறுத்தும் நாள், மாத பில், எது பற்றியும் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்வி: அண்ணா, பில் வந்தாலே எங்கள் வீட்டில் சண்டை. செப்டம்பரில் தினமும் 2 பாக்கெட். மாமியார் வந்ததால் 12-ஆம் தேதியிலிருந்து 3. 18 முதல் 21 வரை ஊரில் இல்லை. 25 அன்று பாயசத்துக்கு 2 கூடுதல். பாக்கெட் ₹25. பால் போடும் பையன் ₹1,825 எழுதியிருக்கிறான், எனக்கு ₹1,725 தான் வருகிறது. யார் சரி?

நீங்கள்தான் சரிம்மா. 1 முதல் 11 வரை 11 நாள், நாளுக்கு 2 என்றால் 22 பாக்கெட். 12 முதல் 30 வரை 19 நாள், நாளுக்கு 3 என்றால் 57. மொத்தம் 79. ஊருக்குப் போன 4 நாளுக்கு 12 கழித்தால் 67. பாயசத்துக்கு 2 சேர்த்தால் 69. அதை 25-ஆல் பெருக்கினால் ₹1,725.

பையன் ஏமாற்றவில்லை. அவன் நோட்டில் உங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே மாதத் தொடக்கத்தில் பேனாவால் '2' என்று எழுதியிருக்கும். 12-ஆம் தேதி பக்கத்தில் பென்சிலால் '+1' போட்டிருப்பான். மாதக் கடைசியில் லீவு நாளைக் கழிக்கும்போது கண்ணில் படுவது பேனா எழுத்துதான். அதனால் 12-க்குப் பதில் 8 கழித்திருக்கிறான். அந்த 4 பாக்கெட்தான் உங்கள் ₹100. லீவு நாளைக் கழிக்கும்போது அந்த நாளில் எத்தனை பாக்கெட் போக வேண்டியிருந்ததோ அதைத்தான் கழிக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் பாதி வீட்டுக் கணக்கு தவறுகிறது.

கார்த்திக்: ராத்திரி 12:40-க்கு 'நாளைக்குப் பால் வேண்டாம்' என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். காலையில் பால் தொங்குகிறது. அதற்கு அடுத்த நாள் வரவில்லை. இரண்டு நாளும் கோளாறு. இதற்குக் காசு கொடுக்க வேண்டுமா, சார்?

உங்களுக்கு 12:40 இன்னும் நேற்றைய ராத்திரி தம்பி. பையன் 3 மணிக்கு எழுந்து பார்க்கும்போது அது இன்றைய தேதியில் வந்த செய்தி. 'நாளை' என்றால் மறுநாள் என்று எடுத்துக்கொண்டான். எழுதியபடி பார்த்தால் அவன் செய்தது தப்பில்லை. 'நாளைக்கு' என்று எழுதாமல் '14 ஞாயிறு காலை வேண்டாம்' என்று தேதியும் கிழமையும் சேர்த்து எழுதுங்கள். தேதியில் கை தவறினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், சரியாகவே எழுதியிருந்தாலும் 12:40 தாமதம்தான். நான் மறுநாள் பாலுக்கு முதல் நாள் மாலை 6 மணிக்குள் எண்ணிக்கை சொல்லிவிடுகிறேன். அதன்படி பால் டப் இறங்கிவிடும், திருப்பி அனுப்ப முடியாது. ஒரு வீட்டுப் பாக்கெட் என்றால் கடையில் தள்ளிவிடுவேன். பொங்கல், தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி 30 வீடு சொன்னால் அத்தனையும் என் தலையில் விழும். அதனால் 6 மணிக்குப் பின் வந்த செய்திக்குக் கழிவு தருவதில்லை. உங்கள் விஷயத்தில், வந்த பாலுக்குக் காசு கொடுங்கள், வராத நாளுக்கு வேண்டாம்.

ராமநாதன்: ராத்திரி 12 மணிக்கே பாலைப் போட்டுவிட்டால் காலைக்குள் கெட்டுவிடாதா? எங்கள் வீட்டில் போன மே மாதம் பை உப்பிப்போய் இருந்தது.

ஐயா, அவர் சொன்னது செய்தி அனுப்பிய நேரம், பால் வந்த நேரம் இல்லை. ஆனால் உங்கள் பை உப்பியதும் இந்தப் பேச்சில் சேர்ந்ததுதான். ஊருக்குப் போயிருந்தீர்களா?

ராமநாதன்: ஆமாம். 21-ஆம் தேதி வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனோம். பத்தரை மணிக்கு வந்து பார்த்தால் கேட்டில் வெயிலில் தொங்குகிறது.

அதுதான். '21 வருகிறோம்' என்றால் பையன் 21 காலை 5 மணிக்கே போடுவான். வீட்டுக்கு வரும் நாளைச் சொல்லாதீர்கள், முதல் பால் எந்தக் காலை வேண்டும் என்று சொல்லுங்கள். '22 காலை முதல் போடவும்.' நிறுத்தும் தேதியை எல்லோரும் ஒழுங்காகச் சொல்கிறார்கள். திரும்பத் தொடங்கும் தேதியில்தான் குழப்பம். திரும்பும் நாள் தெரியாவிட்டால் 'நான் சொல்லும் வரை வேண்டாம்' என்று எழுதுங்கள், அது போதும்.

சுந்தரம் (ஓய்வு): ஆவின் மாத கார்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே. விலையும் குறைவு.

விலை குறைவு என்பது சரி ஐயா. தினமும் ஒரே அளவு வாங்கும் வீட்டுக்கு நானே அதைச் சொல்வேன். ஆனால் அது முன்பணம் கட்டி வாங்கும் பால். நடுவில் ஊருக்குப் போனால், பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவதுதான் பலரும் செய்வது. இன்னொன்று, சென்னையில் அந்த கார்டு 16-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15 வரை. கொண்டுவந்து போடும் பையனுக்குக் கூலி 1-ஆம் தேதிக் கணக்கில். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் மறுபடியும் குழப்பம்தான்.

மீனா, ஈரோடு: நான் 35 பேருக்கு மதியச் சாப்பாடு கட்டித் தருகிறேன் அண்ணா. கூகுள் ஷீட்டில் ஆளுக்கு ஒரு வரி, எதிரே எண்ணிக்கை. ஒருவர் 2-ஐ 3 ஆக்கினால் அந்தக் கட்டத்தை மாற்றுவேன். போன மாதம் பில் போட்டபோது மாதம் முழுக்க 3 என்று வந்துவிட்டது.

பழைய எண்ணிக்கையை அழித்ததுதான் காரணம் தங்கச்சி. அழிக்காதீர்கள், மாற்றத்தை மட்டும் புது வரியாக எழுதுங்கள். A-யில் பெயர், B-யில் மாற்றம் தொடங்கும் தேதி, C-யில் கூட்டலோ கழித்தலோ. 3 வாங்குபவர் என்றால் ஒரு லீவுக்கு இரண்டு வரி: நிறுத்தும் நாளில் -3, மறுபடி தொடங்கும் நாளில் 3. F2-வில் பெயரும் G2-வில் தேதியும் போட்டால், அன்று அவருக்கு எத்தனை சாப்பாடு கட்ட வேண்டும் என்று இது சொல்லும்:

```
=SUMIFS(C:C,A:A,F2,B:B,"<="&G2)
```

பில்லுக்கு, ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள நாட்களால் பெருக்கிக் கூட்டுங்கள். செல்வி வீட்டையே போட்டுப் பாருங்கள். 1-ஆம் தேதி 2, அது 30 நாளுக்கு 60. 12-இல் 1, 19 நாளுக்கு 19. 18-இல் -3, 13 நாளுக்கு -39. 22-இல் 3, 9 நாளுக்கு 27. 25-இல் 2, 6 நாளுக்கு 12. 26-இல் -2, 5 நாளுக்கு -10. கூட்டினால் அதே 69. புது மாதத்துக்குப் புது ஷீட் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் முதல் வரியில் அன்றைய எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். பழைய வரிகளோடு சேர்த்து எழுதினால் இரண்டு முறை கூட்டிவிடும். ஞாயிறு சமையல் இல்லை என்றால் மட்டும் ஞாயிறுகளை விட்டு எண்ண வேண்டும்.

மீனா, ஈரோடு: சாப்பாட்டில் ஒரு நாள் லீவு சொன்னால் முழுசாகக் கழிக்க எனக்குக் கட்டுப்படியாகாதே? காய், கேஸ், ஆள் கூலி எல்லாம் போட்டாயிற்று.

பால் மூடிய பாக்கெட், இன்னொருவருக்கு விற்கலாம். கட்டிய சாப்பாட்டை விற்க முடியாது, அதனால் என் வழக்கம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. தொடர்ந்து 3 நாளுக்கு மேல் லீவு எடுத்தால் மட்டும் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் முதல் மாதமே சொல்லிவிடுங்கள், பில் கொடுக்கும் அன்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

செல்வி: இன்னொன்று அண்ணா. மாதம் ₹60 டெலிவரி கூலி. 12 நாள் ஊரில் இல்லாவிட்டாலும் முழு 60-ஐயும் வாங்குகிறான். நியாயமா?

எனக்கே இதில் ஒரே முடிவு இல்லை. பையன் உங்கள் தெருவுக்கு எப்படியும் வருகிறான், பெட்ரோல் குறையவில்லை. அதே சமயம் உங்கள் மாடி ஏறவில்லை. நான் 15 நாளுக்கு மேல் நிறுத்தினால் பாதி வாங்குகிறேன், அதற்குக் கீழே என்றால் முழுசாக.

கார்த்திக்: பாக்கெட்டுக்கு ₹1 என்று வைத்தால் தானாகக் குறைந்துவிடுமே?

வைத்துப் பார்த்தேன் தம்பி. அரை லிட்டர் ஒன்று மட்டும் வாங்கும் நாலாம் மாடி வீடுகளுக்குப் பையன் போக மறுத்துவிட்டான்.