சி.டி.சி. 18,000 என்றால் கைக்கு எவ்வளவு?

“மண்டபத்தில் இறால் ஏற்றுமதி கம்பெனியில் ஜூனியர் அக்கவுண்டன்ட் வேலை. சி.டி.சி. மாதம் 18,000, புரொபேஷன் 6 மாதம், 1-ஆம் தேதி சேரணும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போடலாமா?”

முதலில் சம்பளத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள் தம்பி. சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு; கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள். பேசிக் 10,000 என்றால் 12 சதவீதப்படி அவர்கள் பங்கு 1,200, உங்களிடம் பிடிப்பது 1,200. ஆக, கைக்கு வருவது 15,600. இ.எஸ்.ஐ. இருந்தால் இன்னும் குறையும். ராமநாதபுரத்திலிருந்து தினம் போய்வருவதாக இருந்தால் பஸ் செலவு வேறு.

புரொபேஷனில் ‘தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதிகபட்சம் எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போவார்கள்.

சேரும் தேதி தோதுப்படாவிட்டால் இப்போதே மெயிலில் மாற்றிக் கேளுங்கள். போனில் “சரி, பார்த்துக்கலாம்” என்பதை நம்ப வேண்டாம்.