‘விற்றால் பணம்’ என்று பேசிவிட்டு பில் போட்டால்?

கேள்வி: தர்மபுரியில் மூலிகை அழகுப் பொருட்கள் தயாரிக்கிறேன். கடந்த மார்ச்சில் ஓசூரில் ஒரு பொட்டிக்குக்கு 150 கற்றாழை ஜெல் கொடுத்தேன். எம்.ஆர்.பி. 300, அவர்களுக்கு 210. ‘விற்க விற்கப் பணம்’ என்றுதான் பேச்சு, ஆனால் கணக்குக்காக ஜி.எஸ்.டி. பில் போட்டேன். அந்தக் கடைக்கார அக்காவை என் கூடப் பிறந்தவராகவே நினைத்தேன். 30 டப்பாவுக்கு மட்டும் பணம் தந்தார். இந்த நவம்பரில் போனால், ‘போகவில்லை, 70 இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். மீதி 50 பற்றிப் பேச்சே இல்லை. நம்பிக்கை மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா? இப்போது தர்மபுரியில் ஒரு மெடிக்கல் 40 சதவீதக் கழிவில் மொத்தமாக வாங்கிக்கொள்வதாகவும், 60 நாளில் பணம், எக்ஸ்பயரி ஆனால் ரிட்டர்ன் என்றும் சொல்கிறது. இன்னொரு மெடிக்கல் 25 சதவீதக் கழிவில் கன்சைன்மென்ட் கேட்கிறது. எதை ஒப்புக்கொள்ளலாம்?

பதில்: அக்கா, தங்கை, அவமானம் எதுவும் கோர்ட்டில் நிற்காது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். மார்ச்சில் சரக்கு உங்கள் கையை விட்டுப் போனபோது அதன் சொத்துரிமையும் கூடவே போனதா, உங்களிடமே தங்கியதா?

நீங்கள் செய்தது சுத்தமான கன்சைன்மென்ட் அல்ல. கன்சைன்மென்ட் என்றால் சரக்கு டெலிவரி செலானில் போயிருக்கும், கடைக்காரர் உங்கள் ஏஜென்ட்டாக விற்றுக் கணக்கு கொடுத்திருப்பார். இங்கே நீங்கள் கடையின் பெயரில் பில் போட்டீர்கள், வாடிக்கையாளருக்குக் கடை தன் பெயரில் பில் போட்டது. இது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் வரும் ‘விற்பனை அல்லது திருப்பம்’ வகை. வாங்கியவர் சரக்கைத் தன்னுடையதுபோல் கையாண்டாலோ, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ சொத்துரிமை அவருக்குப் போய்விடும். பன்னிரண்டு மாத ஆயுள் உள்ள ஜெல்லை எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு ‘எடுத்துக்கொண்டு போங்கள்’ என்பது நியாயமான காலம் ஆகாது. எனவே உங்கள் உரிமை 120 டப்பாவின் விலை, அதாவது 25,200 ரூபாய். சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

போலீஸை மறந்துவிடுங்கள். சரக்கு அவருடையதாகிவிட்டது என்பதால்தான் விலை கேட்கிறீர்கள். சரக்கு அவருடையது என்றால், உங்கள் பொருளை அவர் கையாடல் செய்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? குதிரைத் தீவனம் விற்றுப் பணம் வராத ஒரு வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: விற்பனையில் சொத்துரிமை மாறிவிடுவதால் நம்பிக்கை மோசடிக்கு இடமில்லை. புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிடுவார்கள், சரியாகவே.

இனி, கட்சிக்காரர்கள் விழும் குழிக்கு வருகிறேன். கோபத்தில் அனுப்பும் முதல் வாட்ஸ்அப் செய்தி. ‘எங்க சரக்கை எங்களுக்கே திருப்பிக் கொடுங்க’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பிறகு வக்கீலிடம் வருவார்கள். அந்த ஒரு வரியில் சரக்கு இன்னும் தன்னுடையது என்று தானே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டி, ‘விற்பனையே நடக்கவில்லை, இதோ 70 டப்பா, எண்ணிக்கொள்ளுங்கள்’ என்றால் விலைக்கான வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அதன்பின் ஏஜென்ட்டிடம் கணக்குக் கேட்கும் வழக்காகப் போடலாம் என்றால் உங்கள் பில்லே குறுக்கே நிற்கும். இரட்டைக் குதிரைச் சவாரி கூடாது. விலையைக் கேட்பதென்றால் விலையை மட்டும் கேளுங்கள். ‘சரக்கு’, ‘ரிட்டர்ன்’ என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அவர் 70 டப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினால் கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொள்ளாதீர்கள்.

அந்த 70ஐ ஒருமுறை கண்ணால் பார்த்தால் ஆசையும் விட்டுவிடும். ஷோகேஸ் கண்ணாடி ஓரம் வைத்த ஜெல்லுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும், பச்சை லேபிள் வெளுத்து பேட்ச் எண் மங்கியிருக்கும், இரண்டு மூன்று டப்பாக்களில் டெஸ்டருக்காக விரல் விட்ட தடம் இருக்கும். பிப்ரவரியில் தயாரித்ததென்றால் ஆயுள் இன்னும் மூன்று மாதம். வேறு எந்தக் கடையும் தொடாது.

இன்னொரு கெடு தலைக்கு மேல் நிற்கிறது. மார்ச் பில்லுக்கு வரி கட்டியிருப்பீர்கள். சரக்கைத் திரும்ப வாங்கி அந்த வரியைக் குறைக்க வேண்டுமானால், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் கிரெடிட் நோட் காட்ட வேண்டும். மார்ச் சரக்கு என்பதால் உங்களுக்கு அந்தத் தேதி இந்த மாதமே. டிசம்பரில் சமாதானமாகிச் சரக்கை எடுத்தால் விலையும் போச்சு, வரியும் போச்சு.

விலையைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன் உங்கள் லேபிளைப் பாருங்கள். அழகுசாதனத் தயாரிப்பு உரிம எண் அதில் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் கேட்கிறேன். வீட்டில் காய்ச்சும் சோப்புக்கும் ஜெல்லுக்கும்கூட 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். ‘முகப்பரு குணமாகும்’ என்று அச்சடித்திருந்தால் அது அழகுப் பொருளாகவே நிற்காது, மருந்தாகிவிடும், அதற்கு ஆயுர்வேத அல்லது சித்த மருந்துத் தயாரிப்பு உரிமம் தனி. உரிமம் இல்லாத சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட்டால், ‘சட்டம் தடுத்த வியாபாரம், ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது’ என்று எதிர்வக்கீல் ஒரே பத்தியில் முடித்துவிடுவார். அப்படியானால் நோட்டீஸே வேண்டாம், கிடைப்பதை வாங்கிக்கொண்டு முதலில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.

உரிமம் இருந்தாலும் என் யோசனை சமரசம்தான். 25,200 ரூபாய்க்கு ஓசூர் கோர்ட்டுக்கு இரண்டு மூன்று வருடம் அலைந்தால் பஸ் செலவும் வக்கீல் ஃபீஸும் அதைத் தின்றுவிடும். காணாமல் போன 50க்கு முழு விலை, 10,500. கடையில் இருக்கும் 70க்குப் பாதி விலை, 7,350. மொத்தம் 17,850. சரக்கு அங்கேயே இருக்கட்டும், அவர் தள்ளுபடியில் தள்ளிக்கொள்வார். ‘மார்ச் பில்லின் பாக்கிக்கு முழுத் தீர்வாக’ என்று ஒரு பக்கத்தில் எழுதி, பில் எண்ணைக் குறிப்பிட்டு, அன்றே பணமோ தேதியிட்ட செக்கோ வாங்குங்கள். அந்தச் செக் திரும்பினால், பழைய குழப்பம் எதுவும் இல்லாத கடனுக்கு வந்த செக் என்று செக் திரும்பினால் வழக்குப் போட உதவும் 138ஆம் பிரிவில் தைரியமாக நிற்கலாம். அவர் பதினைந்தாயிரம் என்றால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மெடிக்கல்கள். கன்சைன்மென்ட்டில் ஒரு டப்பாவுக்கு 225, மொத்தக் கொள்முதலில் 180. 45 ரூபாய் கூட வருகிறதே என்று தோன்றும். நூறு டப்பா கொடுத்தால் கொள்முதலில் 18,000 வரும். கன்சைன்மென்ட்டில் அதே தொகை வர 80 டப்பா விற்றாக வேண்டும். 80க்குக் கீழே போனால், ஆயுள் குறைந்து திரும்பி வரும் சரக்குதான் உங்கள் லாபம்.

அதைவிட முக்கியம், யார் தலையில் நஷ்டம் விழும் என்பது. கன்சைன்மென்ட்டில் கடைக்காரர் உங்கள் சரக்கைச் சாதாரண கவனத்தோடு பார்த்துக்கொண்டால் போதும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதற்குமேல் அவருக்குப் பொறுப்பில்லை. மே மாத வெயிலில் கரண்ட் போய் ஜெல் கெட்டாலோ, பூட்டு உடைத்துத் திருடு போனாலோ நஷ்டம் உங்களுடையது. கடைக்கு ஸ்டாக்கின் பேரில் பேங்க் கடன் இருந்து பேங்க் வந்து பூட்டினால், அலமாரியில் எது உங்களுடையது என்று பேட்ச் எண்ணோடு நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். கொடுத்தே தீர வேண்டும் என்றால் மூன்று வரி எழுதாமல் கொடுக்காதீர்கள்: ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஸ்டாக் கணக்கு, எண்ணிக்கையில் குறைவது எல்லாம் விற்றதாகவே கொள்ளப்படும், வெயில், திருட்டு, உடைசல் கடையின் பொறுப்பு. இரண்டாவது வரி மட்டும் ஓசூரில் இருந்திருந்தால் அந்த 50 டப்பாவைப் பற்றி இன்று பேச்சே வந்திருக்காது. செலானில் போன சரக்கு ஆறு மாதத்துக்குள் விற்காவிட்டாலும் ஜி.எஸ்.டி. பில் போட்டாக வேண்டும் என்பதால் காலக்கெடுவை ஐந்து மாதமாக வையுங்கள்.

எனவே கொள்முதல் கடைக்குப் போங்கள், ஆனால் அவர் நீட்டுவதை அப்படியே ஏற்காதீர்கள். 60 நாள் என்று எழுதினாலும் சிறு, குறு தொழில் சட்டத்தின்படி 45 நாளுக்கு மேல் செல்லாது. தாண்டினால் ரிசர்வ் பேங்க்கின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கு முதல் பில்லுக்கு முன்பே உற்பத்தியாளர் என்று சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்க வேண்டும். பாக்கி விழுந்தபின் பதிவு செய்துவிட்டு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. கன்சைன்மென்ட்டில் இந்த ஆயுதம் மழுங்கிவிடும், ஏனென்றால் ஏஜென்ட் வாங்குபவர் அல்ல.

‘எக்ஸ்பயரி ஆனால் ரிட்டர்ன்’ என்பதுதான் விஷம். அளவில்லாமல் அதை ஒப்புக்கொண்டால் 40 சதவீதக் கழிவையும் கொடுத்துவிட்டு கன்சைன்மென்ட்டின் நஷ்டத்தையும் சுமப்பீர்கள். காலாவதியான சரக்கை டெபிட் நோட் போட்டு அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள், எந்தப் பேட்ச் என்றே தெரியாது. இப்படி எழுதுங்கள்: எக்ஸ்பயரிக்கு 90 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; திறக்காத டப்பா மட்டும்; அந்த பில்லின் அளவில் 5 சதவீதத்துக்கு மேல் இல்லை; மாற்றுச் சரக்குதான், பணக் கழிவு கிடையாது. டெஸ்டருக்கு நீங்களே இரண்டு டப்பா தனியாகக் கொடுத்துச் செலவில் எழுதிவிடுங்கள். 5 சதவீதத்துக்கு அவர் சம்மதிக்காவிட்டால் பத்து வரை இறங்கலாம். அதற்கு மேல் கேட்டால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.