அபராத நோட்டீஸ் வந்தால் முதலில் படத்தைப் பாருங்கள்

காரைக்குடியில் வக்கீல் தொழில் பார்க்கிறேன் என்பதால் இ-சலான் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. பலர் நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதைக் கட்டிடலாமா?" என்று மட்டும் கேட்கிறார்கள். அப்படி வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் என்றுதான் கேள்விப்பட்டேன். எனக்கு 1,500 வந்திருக்கிறது. "129 r/w 194D" என்று ஏதோ எழுதியிருக்கிறது. இது என்ன கணக்கு? (வாசகர், கண்டனூர்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இரண்டு வரிகள் இருக்கின்றன. நீங்கள் பார்த்தது முதல் வரியை மட்டும்.

r/w என்பதற்கு "சேர்த்துப் படிக்க" என்று பொருள். முன்னால் இருக்கும் எண் நீங்கள் மீறிய கட்டளை. பின்னால் இருப்பது அதற்கான தண்டனை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட் போடச் சொல்கிறது, போடாவிட்டால் என்ன என்பதை 194D சொல்கிறது. அது ஆயிரம் ரூபாய். இரண்டாவது வரியில் விதி 50, 51 என்றும் 177 என்றும் இருக்கிறது. அந்த விதிகள் நம்பர் பிளேட்டின் எழுத்து அளவையும் வடிவத்தையும் பற்றியவை. 177 என்பது தனித் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கெல்லாம் பொதுவான பிரிவு, முதல் தடவைக்கு 500 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 1,500.

உங்கள் பிளேட்டைப் படத்திலேயே பார்த்தேன். எண்களை வளைத்து வளைத்து அழகாக எழுதியிருக்கிறீர்கள். கட்டிவிட்டு, பிளேட்டையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை அதே 177 உங்களுக்கு 1,500 வரை போகும்.

கேள்வி: தம்பி, எனக்கு 68 வயது. என் ஸ்கூட்டர் முகப்பிலேயே நிற்கிறது, மாதத்தில் இரண்டு தடவை கோயிலுக்கு எடுப்பேன். போகாத ஊரில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக ஆயிரம் ரூபாய் நோட்டீஸ் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், "கட்டித் தொலையுங்கள் ஆத்தா" என்கிறான். (வாசகி, தேவகோட்டை)

ஆச்சி, கட்டாதீர்கள். கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டு சமரசம் ஆனதாகத்தான் அர்த்தம். அப்புறம் "நான் இல்லை" என்று சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

நீங்கள் நோட்டீஸின் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். சலான் எண்ணைப் போட்டு echallan.parivahan.gov.in தளத்தில் பார்த்தால் அவர்கள் எடுத்த புகைப்படமும் கிடைக்கும். உங்கள் பேரன் அதை எடுத்து அனுப்பியதும் விஷயம் தெரிந்துவிட்டது. படத்தில் போவது கியர் வைத்த பைக், அதில் இரண்டு இளைஞர்கள். உங்கள் வண்டியோ ஸ்கூட்டர். அந்த பைக்கின் பிளேட்டைப் பெரிதாக்கினால் TN 68 என்று இருக்கிறது. உங்களுடையது நம் சிவகங்கை மாவட்டத்து TN 63. மற்ற எழுத்துகளும் எண்களும் ஒன்றே. 8-ஐ 3 என்று யாரோ வாசித்துவிட்டார்கள், அவ்வளவுதான். மங்கலான படத்தில் 3-உம் 8-உம், B-யும் 8-உம் இப்படி மாறிப்போவது சகஜம்.

இனி செய்ய வேண்டியது இது. அந்தப் புகைப்படம், ஆர்.சி. நகல், பிளேட் தெரிய உங்கள் ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் எடுத்த படம், இந்த மூன்றையும் சேர்த்து அதே தளத்தின் புகார் பகுதியில் பதிவு செய்யுங்கள். "படத்தில் இருப்பது பைக், என்னுடையது ஸ்கூட்டர், பிளேட்டில் இருப்பது 68" என்று மூன்றே வரி எழுதினால் போதும். வயது, கோயில் எல்லாம் வேண்டாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதே கடிதத்தை, நோட்டீஸில் பெயர் இருக்கும் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சலானைப் போட்டவர்கள் அவர்கள்தான். தேவகோட்டை ஸ்டேஷனில் போய் நின்றால் இது தீராது.

ஒருவேளை பிளேட்டில் அச்சு அசலாக உங்கள் எண்ணே இருந்திருந்தால் கதை வேறு. யாரோ உங்கள் நம்பரைப் போலியாக மாட்டி ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது உங்கள் ஊர் ஸ்டேஷனில்தான் முதலில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வண்டி செய்கிற எல்லாமே உங்கள் தலையில் விடியும்.

புகாருக்குப் பதில் வருவதற்குள் சலான் கோர்ட்டுக்குப் போய்விடலாம், பயப்பட வேண்டாம். vcourts.gov.in தளத்தில் தமிழ்நாடு பிரிவில் சலான் எண்ணைப் போட்டுத் திறந்தால் இரண்டு வழி காட்டும். ஒன்று, அபராதத்தைக் கட்டுவது. மற்றது, வழக்கை எதிர்ப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். அங்கே உங்களுக்காக வக்கீல் ஆஜராகலாம். செலவு ஆயிரத்தைத் தாண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் புகார் கட்டத்திலேயே முடிக்கப் பாருங்கள் என்கிறேன். இவ்வளவு தெளிவான படம் இருக்கும்போது அங்கேயே முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: கட்ட எத்தனை நாள் அவகாசம்? படைப்புக்கு ஊருக்கு வந்த சமயத்தில் நடந்தது, சென்னை திரும்பிய பிறகுதான் நோட்டீஸைப் பார்த்தேன். (வாசகர், கானாடுகாத்தான்)

மக்கள் வாயில் இருப்பது 90 நாள். அதை 45 நாளாகச் சுருக்கும் மாற்றத்தை மத்திய அரசு கொண்டுவந்திருப்பதால் 90-ஐ நம்பி உட்காராதீர்கள். உங்கள் நோட்டீஸில் ஒரு கடைசித் தேதி இருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் 45 நாளுக்குள் கட்டிவிடுங்கள், அல்லது எதிர்த்துவிடுங்கள்.

கேமராவில் பிடித்த மீறல் என்றால் இன்னொரு தேதியையும் பாருங்கள். மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167A சொல்கிறது. 2021-இல் சேர்த்த விதி இது. நோட்டீஸ் அதைத் தாண்டி வந்திருந்தால் எதிர்க்கும்போது அதைக் குறிப்பிடலாம். ஆனால் அது ஒன்றையே நம்பி வழக்கு நடத்தச் சொல்ல மாட்டேன்.

சும்மா விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். போலீஸ் வீட்டுக்கு வராமல் இருக்கலாம். ஆனால் வண்டியை விற்கப் பெயர் மாற்றப் போகும்போது, பாக்கி சலான் இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. விண்ணப்பத்தை நிறுத்திவைப்பார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் "RTO CHALLAN.apk" என்று வந்தது. திறக்கலாமா? (வாசகி, புதுவயல்)

திறக்காதீர்கள். அரசு சலானை ஒருபோதும் ஆப் கோப்பாக அனுப்பாது. அதை நிறுவினால் உங்கள் ஓ.டி.பி. அடுத்தவன் கைக்குப் போகும். உண்மையில் சலான் இருக்கிறதா என்று அறிய மேலே சொன்ன தளத்தை நீங்களே டைப் செய்து போங்கள், வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் கேட்கும். ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால் போனை இணையத்திலிருந்து துண்டித்து, வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் முன் விற்ற பைக்குக்கு எனக்கு நோட்டீஸ் வருகிறது. (வாசகர், திருப்பத்தூர்)

ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது, அதுதான் காரணம். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை, சட்டத்தின் 50-ஆம் பிரிவு. இப்போது விற்பனைக் கடிதமும் வாங்கியவரின் விவரமும் கையில் இருந்தால், ஓட்டியவர் யார் என்பதைப் புகாரில் எழுதிக் கொடுக்கலாம். வெறும் கையெழுத்துப் போட்ட காலிப் படிவத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டு வந்தவர் என்றால், முதல் வேலையாக அந்தத் தரகரைத் தேடிப் பிடியுங்கள்.